டிஸ்பிளேபோர்ட்டில் இருந்து எச்டிஎம்ஐக்கு: அக்டிவ் அடப்டரா, பாசிவ் அடப்டரா?

யாழ்ப்பாணத்தில் படிப்புக்கோ வீட்டு வேலைக்கோ கணினி தேடுகிற பலர் கடைசியில் வந்து நிற்பது பாவித்த அலுவலகக் கணினியில்தான். டெல், எச்பி, லெனோவா என்று சின்னப் பெட்டிகளாக வரும். கொடுக்கிற காசுக்கு நல்ல பொருள்தான். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தைத் திருப்பினால் எச்டிஎம்ஐ இருக்காது. இரண்டு டிஸ்பிளேபோர்ட்டும் ஒரு விஜிஏயும் மட்டும் இருக்கும். வீட்டில் இருப்பதோ எச்டிஎம்ஐ மட்டும் உள்ள ரிவி.

அப்போது எல்லாரும் ஒரு அடப்டர் வாங்கப் போகிறோம். கடையில் ஒரே மாதிரி இருக்கிற கறுப்புத் துண்டுகள் இரண்டு விலையில் தொங்கும். "அண்ணை, இதில எது அக்டிவ்?" என்று கேட்டால், "எல்லாம் ஒண்டுதான் தம்பி, போட்டால் வேலை செய்யும்" என்று பதில் வரும். எல்லாம் ஒன்று இல்லை. அக்டிவ் அடப்டருக்குள் சிக்னலை மாற்றுகிற சிப் இருக்கும், மலிவான பாசிவில் அது இருக்காது. மலிவானதை வாங்கி ரிவியில் பாதி வேகத்தோடு மல்லுக்கட்டுவோரும் உண்டு, மலிவானதே போதுமாக இருந்த இடத்தில் இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்தோரும் உண்டு. இரண்டுமே எங்கள் வீட்டிலும் அயலிலும் நடந்தவை. கீழே உள்ள வரிசையில் போனால் இரண்டையும் தவிர்க்கலாம்.

## 1. அடப்டர் தேவைதானா என்று முதலில் பாருங்கள்

மொனிட்டரின் பின்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். அலுவலகத்துக்கென்று செய்த மொனிட்டர்கள் பலவற்றில் டிஸ்பிளேபோர்ட் உள்ளீடு இருக்கிறது. ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டப்பட்ட செவ்வகத் துளை அது. எச்டிஎம்ஐ துளைக்கு இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கும். மொனிட்டரில் டிஸ்பிளேபோர்ட் இருந்தால் சாதாரண டிஸ்பிளேபோர்ட் கேபிள் ஒன்று போதும், இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

இன்னொன்று, திசை. கணினியில் டிஸ்பிளேபோர்ட், திரையில் எச்டிஎம்ஐ என்பது ஒரு பொருள். கணினியில் எச்டிஎம்ஐ, திரையில் டிஸ்பிளேபோர்ட் என்பது வேறு பொருள். ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது ஆகாது. கடையில் சில அடப்டர்களில் மின்சாரத்துக்கென்று ஒரு சின்ன யுஎஸ்பி வால் தொங்கும். அது பெரும்பாலும் இரண்டாவது வகை, நமக்கு உதவாது. டிஸ்பிளேபோர்ட் துளையிலேயே 3.3 வோல்ட் தருகிற முள் ஒன்று இருப்பதால், நமக்கு வேண்டிய திசையில் அக்டிவ் அடப்டருக்குக்கூட வழக்கமாகத் தனி வால் தேவைப்படாது.

## 2. போர்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா?

டிஸ்பிளேபோர்ட் துளைக்கு அருகில் டி, பி எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய சின்னம் இருக்கும். அதன் வலப்பக்கம் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் அந்தப் போர்ட் இருமுறைப் போர்ட். தரவுத்தாள்களில் இது `DP++` என்றோ `Dual-Mode DisplayPort` என்றோ வரும்.

அந்தக் குறி சொல்வது இதுதான்: இந்தப் போர்ட்டுக்கு டிஸ்பிளேபோர்ட் மட்டுமல்ல, எச்டிஎம்ஐ, டிவிஐ சிக்னலையும் அனுப்பத் தெரியும். டிஸ்பிளேபோர்ட் படத்தைச் சின்னச் சின்னப் பொதிகளாக அனுப்புகிறது. எச்டிஎம்ஐயில் படம் பிக்சல் ஓட்டத்துக்கு ஏற்ற கடிகாரத்தோடு தொடர்ச்சியாகப் போகிறது. இரண்டும் அடிப்படையிலேயே வேறு. மலிவான பாசிவ் அடப்டர் இந்த இரண்டுக்கும் இடையில் எதையும் மாற்றுவதில்லை. "என்னை மாட்டியிருக்கிறார்கள்" என்று கணினிக்குச் சொல்வதும், மின்னழுத்த மட்டத்தை எச்டிஎம்ஐக்குப் பொருந்துமாறு சரிசெய்வதும்தான் அதன் வேலை. சொல்கிற முறையும் எளிது: சாதாரண டிஸ்பிளேபோர்ட் கேபிளில் உயராத 13ஆம் முள்ளை அடப்டர் மின்னழுத்தம் கொடுத்து உயர்த்துகிறது. அதைக் கண்டதும் கணினியின் கிராபிக்ஸ் பகுதி தானாகவே எச்டிஎம்ஐ சிக்னலுக்கு மாறிவிடுகிறது.

அக்டிவ் அடப்டரில் நிலைமை வேறு. கணினி வழக்கம்போல டிஸ்பிளேபோர்ட்டே பேசும். அடப்டருக்குள் இருக்கிற சிப் மொழிபெயர்ப்பாளர் மாதிரி அதை வாங்கி எச்டிஎம்ஐயாக மாற்றித் திரைக்குக் கொடுக்கும். ஆகவே அக்டிவ் அடப்டருக்குப் போர்ட்டில் கூட்டல் குறி தேவையில்லை. எந்த டிஸ்பிளேபோர்ட்டிலும் வேலை செய்யும்.

இதில் இருக்கிற முதல் பொறி: குறி இருந்தால் நிச்சயம் இருமுறைப் போர்ட். குறி இல்லாவிட்டால் அது இருமுறைப் போர்ட் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குறியைப் பொறிக்காமலே அந்த வசதியைக் கொடுத்த கணினிகள் ஏராளம். அலுவலக டெஸ்க்டொப்களின் தாய்ப்பலகையில் நேரடியாக இருக்கிற டிஸ்பிளேபோர்ட் கிட்டத்தட்ட எப்போதும் இருமுறைதான். சந்தேகம் இருந்தால் சரியான மாடல் எண்ணை எடுத்துத் தரவுத்தாளில் தேடுங்கள். எச்பி என்றால் மாடலோடு `QuickSpecs` என்று சேர்த்துத் தேட வேண்டும். லெனோவா என்றால் `PSREF`. டெல்லுக்கு ஸ்டிக்கரில் உள்ள `Service Tag` போதும். தாளைத் திறந்து `DP++` அல்லது `Dual-Mode` என்று உள்ளே தேடினால் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது பொறி யுஎஸ்பி-சி. பல மடிக்கணினிகளின் யுஎஸ்பி-சி துளையில் டிஸ்பிளேபோர்ட் வரும், ஆனால் இந்த இருமுறை வசதி வராது. யுஎஸ்பி-சியில் இருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஒரு கேபிள், அதன் நுனியில் மலிவான பாசிவ் எச்டிஎம்ஐ அடப்டர் என்று தொடுத்தால் திரை கறுப்பாகவே இருக்கும். யுஎஸ்பி-சி என்றால் நேரடியாக யுஎஸ்பி-சி எச்டிஎம்ஐ அடப்டரையே வாங்குங்கள். அதற்குள் மாற்றும் சிப் ஏற்கனவே இருக்கிறது. டொக், ஹப் போன்றவற்றில் உள்ள டிஸ்பிளேபோர்ட்டுகளிலும் இருமுறை இருக்கும் என்று நம்பி இறங்க வேண்டாம், அவற்றின் தாளையும் பாருங்கள்.

இருமுறை இல்லாத போர்ட்டில் பாசிவ் அடப்டரைச் செருகினால் எதுவும் பழுதாகாது. சிக்னல் இல்லை என்று திரை சொல்லும், அவ்வளவுதான்.

## 3. உங்கள் திரைக்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

இதுதான் பலர் தவறவிடுகிற படி. போர்ட் இருமுறை என்று தெரிந்ததும் "அப்ப பாசிவ் போதும்" என்று முடிவெடுத்துவிடுகிறோம். பாசிவ் அடப்டரிலும் இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை 165 மெகாஹேர்ட்ஸ் வரை தாங்கும். 2013இல் வந்த இரண்டாம் வகை 300 மெகாஹேர்ட்ஸ் வரை தாங்கும். அதற்கு மேல் பாசிவ் என்று எதுவும் இல்லை.

இந்த எண் எதைக் குறிக்கிறது? ஒரு விநாடியில் எத்தனை பிக்சல் போகிறது என்பதை. கணக்கும் கடினமில்லை. 1080பி படம் 1920க்கு 1080 என்றாலும், ஓரங்களில் விடுகிற வெற்றிடத்தையும் சேர்த்தால் 2200க்கு 1125 ஆகும். 60 ஹேர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 60 முறை படம் போகிறது, ஆகவே அதை 60ஆல் பெருக்குங்கள்:

```
2200 x 1125 x 60 = 148,500,000
```

அதாவது 148.5 மெகாஹேர்ட்ஸ். முதல் வகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே சாதாரண 1080பி, 60 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்குக் கடையில் இருக்கிற மிக மலிவான பாசிவ் அடப்டரே போதும். இதற்கு அக்டிவ் வாங்குவது காசை வீணாக்குவது.

இப்போது அதே 1080பி மொனிட்டர் 75 ஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் வெற்றிடத்தைச் சுருக்கினாலும் சுமார் 174 மெகாஹேர்ட்ஸ் ஆகிறது, முதல் வகையின் எல்லையைத் தாண்டிவிடும். மொனிட்டர் ஓடும், ஆனால் பட்டியலில் 60க்கு மேல் காட்டாது. 2560க்கு 1440 அளவுள்ள மொனிட்டருக்கு 60 ஹேர்ட்ஸில் 241.5 வேண்டும். அதற்கு இரண்டாம் வகை கட்டாயம். முதல் வகையைப் போட்டால் படம் 1080பியிலேயே நின்று எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரியும். மொனிட்டரில் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

4கேயில் 30 ஹேர்ட்ஸுக்கு 297. இரண்டாம் வகைக்குள் மயிரிழையில் அடங்குகிறது. 4கே 60 ஹேர்ட்ஸுக்கு அதன் இரட்டிப்பு, 594. எந்தப் பாசிவ் அடப்டரும் அதைக் கொடுக்காது, உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் சரி. இங்கேதான் அக்டிவ் அடப்டருக்குக் கொடுக்கிற காசு நியாயமாகிறது. விளையாட்டுக்கான 1080பி 144 ஹேர்ட்ஸ் மொனிட்டரும் 300ஐத் தாண்டுவதால் இந்தப் பக்கம்தான்.

## 4. ஒரு உதாரணம்: 6ஆம் தலைமுறைக் கணினியும் 43 அங்குல ரிவியும்

திருநெல்வேலியில் இருக்கிற என் மருமகன் கட்டட வரைபடம் படிக்கிறான். 6ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 உள்ள சின்னப் பெட்டி ஒன்றைப் பாவித்ததாக வாங்கினான். இரண்டு டிஸ்பிளேபோர்ட், இரண்டிலும் கூட்டல் குறி. திரையாக வீட்டில் இருந்த 43 அங்குல 4கே ரிவியைப் போடலாம் என்று திட்டம். கடையில் "4கே" என்று பெரிதாக அச்சிட்ட பாசிவ் அடப்டரைக் கொடுத்துவிட்டார்கள்.

போட்டதும் படம் வந்தது. 4கேயும் வந்தது. ஆனால் மவுஸைத் திரையின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு இழுத்தால், அம்புக்குறி கையோடு வராமல் விட்டுவிட்டுத் துள்ளிப் பின்னால் வந்தது. வரைபடத்தை நகர்த்தும்போது கோடுகள் இழுபட்டன. கணினி பழசு, அதனால் மெதுவாக இருக்கிறது என்று நினைத்து ராம் கூட்டலாமா என்று கேட்டான். விண்டோஸில் பார்த்தால் 30 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. அதற்கு மேல் தெரிவே இல்லை.

காரணம் இரண்டு அடுக்கில் இருக்கிறது. அடப்டர் 300இல் நிற்கிறது என்பது ஒன்று. அடப்டர் அதற்கு மேலே போகக்கூடியதாக இருந்தாலும் பயன் இருந்திராது என்பது மற்றது. ஏனென்றால் 6ஆம் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸுக்குத் தானாக எச்டிஎம்ஐ 1.4 மட்டும்தான் தெரியும், 4கேயில் 30 ஹேர்ட்ஸுக்கு மேல் போகாது. 10ஆம் தலைமுறை டெஸ்க்டொப் வரை இதே கதைதான். ஆனால் அதே கிராபிக்ஸ் டிஸ்பிளேபோர்ட் 1.2ஐப் பேசும், அதில் 4கே 60 ஹேர்ட்ஸ் தாராளமாகப் போகும். ஆகவே கணினியை டிஸ்பிளேபோர்ட்டாகவே பேசவிட்டு, வெளியே ஒரு சிப் அதை எச்டிஎம்ஐ 2.0 ஆக மாற்ற வேண்டும். அக்டிவ் அடப்டர் செய்வது சரியாக அதைத்தான். பழைய கணினியை மாற்றாமல், அது எச்டிஎம்ஐயில் செய்ய முடியாத ஒன்றைச் செய்ய வைக்கலாம்.

எச்டிஎம்ஐ 2.0 என்று போட்ட அக்டிவ் அடப்டர் வந்ததும் 60 ஹேர்ட்ஸ் கிடைத்தது. ஆனால் இன்னும் ஒரு குறை மிச்சம். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்துகளும் வரைபடத்தின் மெல்லிய நிறக்கோடுகளும் ஓரம் கரைந்த மாதிரித் தெரிந்தன. வெள்ளையில் கறுப்பு எழுத்து நன்றாக இருந்தது. இது அடப்டரின் குறை இல்லை, ரிவியின் அமைப்பு. பல 4கே ரிவிகள் எச்டிஎம்ஐ துளையை முழு வேகத்துக்குத் திறக்காமல் வைத்திருக்கும். அப்போது 60 ஹேர்ட்ஸுக்காக நிறத் தகவலைக் குறைத்துவிடுவார்கள். திறக்கிற அமைப்புக்கு எல்ஜியில் `HDMI Ultra HD Deep Colour` என்று பெயர், சாம்சுங்கில் `Input Signal Plus`, சோனியில் `HDMI signal format`. கணினி செருகியிருக்கிற அந்தத் துளைக்கு அதை இயக்கினால் எழுத்து கூர்மையாகிவிடும். எல்லாத் துளைகளும் ஒரே மாதிரி இல்லாத ரிவிகளும் உண்டு, கையேட்டில் எந்த எண்ணுள்ள துளை 4கே 60க்கு என்று பாருங்கள்.

## 5. கடைக்குப் போகும்போது: கையில் என்ன, கேட்க வேண்டியது என்ன

கைபேசியில் மூன்று படம் எடுத்துக்கொண்டு போங்கள்: கணினியின் பின்பக்கம் முழுவதும், அதன் மாடல் ஸ்டிக்கர், திரையின் பின்னால் உள்ள துளைகளும் மாடல் எண்ணும். இந்த மூன்றும் இருந்தால் கடையில் நின்றே தரவுத்தாளைத் திறந்து பார்த்துவிடலாம்.

உறையில் "4கே" என்று மட்டும் இருந்தால் அதை 30 ஹேர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். `4K@60Hz` என்று இருந்து, அதோடு `Active` என்றும் `HDMI 2.0` என்றும் இருந்தால்தான் நம்பிக்கை. "அக்டிவ்" என்ற சொல் தனியாகவும் போதாது. எச்டிஎம்ஐ 1.4க்கு மாற்றுகிற பழைய அக்டிவ் அடப்டர்களும் விற்பனையில் இருக்கின்றன. அவை எந்தப் போர்ட்டிலும் வேலை செய்யும், ஆனால் 4கேயில் 30ஓடு நின்றுவிடும்.

விலையில், அக்டிவ் ஒன்று பாசிவ் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது வழக்கம். பாசிவ் விலையிலேயே அக்டிவ் 4கே 60 என்று ஒருவர் கொடுத்தால் சோதிக்காமல் காசு கொடுக்க வேண்டாம். ஒரு முனை டிஸ்பிளேபோர்ட், மறு முனை எச்டிஎம்ஐ என்று முழுக் கேபிளாக வருபவையும் பெரும்பாலும் பாசிவ்தான். நான் கேபிளை விடச் சின்ன அடப்டரையே வாங்கச் சொல்வேன். வீட்டில் இருக்கிற எச்டிஎம்ஐ கேபிளை அதில் பாவிக்கலாம், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். 4கே 60 என்றால் அந்த எச்டிஎம்ஐ கேபிளும் அதைத் தாங்க வேண்டும். `Premium High Speed` என்று போட்டதை, இரண்டு மீற்றருக்குள் வாங்குங்கள். படம் விட்டுவிட்டு அணைந்து வருகிறது, புள்ளி புள்ளியாக மினுங்குகிறது என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பாசிவ் அடப்டர் யாழ் நகரக் கடைகளில் கையோடு கிடைக்கும். சரியான அக்டிவ் எல்லா இடத்திலும் இருக்காது. கொழும்பில் இருந்து எடுப்பித்துத் தருகிறோம் என்பார்கள், அல்லது பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் உள்ள கடைகளை நீங்களே அழைத்துக் கேட்கலாம். வழக்கமாக ஓரிரு நாளில் கொரியரில் வந்துவிடும். ஆனால் சனி ஞாயிறு இடையில் வந்தால் இழுபடும். திங்கள் பரீட்சைக்கோ வேலைக்கோ வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை ஆரம்பிக்காதீர்கள். முன்பணம் கொடுக்குமுன் உறையின் படத்தை அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

பில்லில் வெறும் "அடப்டர்" என்று எழுத விடாதீர்கள். "டிஸ்பிளேபோர்ட் - எச்டிஎம்ஐ, அக்டிவ், 4கே 60" என்று எழுதச் சொல்லுங்கள். 60 வரவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள் என்று கேட்டு அதையும் அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். 30இல் ஓடுகிற அடப்டரைத் திருப்பிக் கொண்டுபோனால் "படம் வருகுதுதானே" என்றுதான் சொல்வார்கள். எழுதி வாங்கியிருந்தால் அந்த வாதத்துக்கு இடமில்லை. உறையை எறியாமல் வைத்திருங்கள்.

## 6. பொருத்திய உடனே சோதியுங்கள்

கணினியை அணைத்துவிட்டுப் பொருத்த வேண்டும் என்று இல்லை. ஆனால் கழற்றும்போது கவனம். டிஸ்பிளேபோர்ட் முனையில் மேலே ஒரு பொத்தான் இருந்தால், உள்ளே இரண்டு சின்னக் கொளுக்கிகள் துளையைப் பிடித்திருக்கின்றன என்று பொருள். பொத்தானை அழுத்தாமல் இழுத்தால் கணினியின் துளையே பெயர்ந்து வரும். பாவித்த பெட்டியில் அதைத் திருத்துவது அடப்டரை விடப் பல மடங்கு செலவு.

விண்டோஸ் 11இல் `Settings`, `System`, `Display`, `Advanced display` என்று போங்கள். அங்கே திரையின் அளவு, ஹேர்ட்ஸ், நிற வடிவம் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். `Color format` என்பதில் `RGB` என்று இருந்தால் நல்லது. `YCbCr420` என்று இருந்தால் ரிவி அமைப்பைத் திறக்கவில்லை என்று பொருள்.

`Display` பக்கத்தில் உள்ள அளவுப் பட்டியலும் இங்குள்ள ஹேர்ட்ஸ் பட்டியலும் அடப்டர் எந்த வகை என்பதையும் பொதுவாகக் காட்டிக்கொடுத்துவிடும். 4கே ரிவியில் செருகியும் 1080பிக்கு மேல் தெரிவு இல்லை என்றால் உங்கள் கையில் இருப்பது முதல் வகைப் பாசிவ். 4கே இருக்கிறது, 30உடன் நிற்கிறது என்றால் இரண்டாம் வகைப் பாசிவ் அல்லது பழைய அக்டிவ். 60 இருந்தால் வாங்கியது சரி.

கடைக்காரர் அக்டிவ் என்று சாதிக்கிறார், உங்களுக்குச் சந்தேகம் என்றால், இன்டெல் கிராபிக்ஸ் உள்ள கணினியில் லினக்ஸை வைத்து உறுதிப்படுத்தலாம். நிறுவத் தேவையில்லை, பென்ட்ரைவில் உபுண்டுவை ஏற்றித் தொடக்கினால் போதும். டெர்மினலில் இதை அடியுங்கள்:

```
grep . /sys/class/drm/card*-*/status
```

ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி வரும். `:connected` என்று முடிகிற வரியைப் பாருங்கள், `disconnected` என்பவற்றை விட்டுவிடுங்கள். அதன் பெயரில் `HDMI-A` என்று இருந்தால், கணினியே எச்டிஎம்ஐ அனுப்புகிறது, அடப்டர் பாசிவ். `DP` என்று இருந்தால் கணினி டிஸ்பிளேபோர்ட் அனுப்புகிறது, மாற்றுகிற சிப் அடப்டருக்குள் இருக்கிறது, அது அக்டிவ். ஏஎம்டி கிராபிக்ஸில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், அங்கே பாசிவ் போட்டாலும் `DP` என்றே காட்டும்.

## 7. 1080பி என்றாலும் அக்டிவ் வேண்டிய ஒரு இடம்

பாவித்த பழைய ரேடியோன் கிராபிக்ஸ் கார்ட் வாங்குபவர்களுக்கு இது. எச்டி 5000, எச்டி 6000 தொடர் கார்ட்களில் மூன்று திரை போடலாம் என்று விற்பார்கள். உண்மைதான், ஆனால் எச்டிஎம்ஐ, டிவிஐ சிக்னலுக்கான கடிகாரம் அவற்றில் இரண்டுதான் உண்டு. பாசிவ் அடப்டர் போட்ட டிஸ்பிளேபோர்ட்டும் எச்டிஎம்ஐ என்றே கணக்கில் சேரும் என்பதால் மூன்றாவது திரையை இயக்க முடியாது. இரண்டைக் காட்டும், மூன்றாவதை இயக்கினால் முதல் இரண்டில் ஒன்று அணையும். மூன்றாவது திரைக்கு மட்டும் அக்டிவ் அடப்டர் போட்டால் தீர்ந்தது. 1080பிதான் என்பதால் 4கே 60 தேவையில்லை, மலிவான பழைய எச்டிஎம்ஐ 1.4 அக்டிவ் இங்கே சரியான பொருள்.

அக்டிவ் அடப்டரோடு வரக்கூடிய தொந்தரவு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கணினி தூங்கி எழும்பும்போது சில அடப்டர்கள் சிக்னலைத் திரும்ப எடுக்கத் தடுமாறும், திரை கறுப்பாகவே நிற்கும். கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், அவசரப்பட்டு மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். அடப்டரைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டுச் செருகினால் பெரும்பாலும் படம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இப்படி என்றால் மாற்றுகிற தவணைக்குள்ளேயே பில்லோடு கடைக்குப் போங்கள். தவணை முடிந்துவிட்டது என்றால் விண்டோஸ் தூங்குவதை நிறுத்தி, திரை அணைவதற்கான நேரத்தைக் கூட்டி வைத்துச் சமாளிக்கலாம். தொடும்போது அடப்டர் இளஞ்சூடாக இருப்பது பழுது இல்லை, உள்ளே சிப் வேலை செய்கிறது. கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றிவிடுங்கள்.